சிலபஸ் பந்தியை கிழமை அட்டவணை ஆக்குறது எப்பிடி: கமாவை நம்பாதேங்கோ

என்ர தங்கச்சி முறையானவ ஒருத்தி போன மார்கழி வெள்ளவத்தைக்கு என்ர வீட்டுக்கு வந்தவ, கையில ஒரே ஒரு பேப்பர். தை மாதம் தொடங்கி சனிக்கிழமைகள்ல ஒரு டிகிரி வகுப்பு எடுக்கச் சொல்லி ஒரு இன்ஸ்டிடியூட்ல கேட்டிருக்கினம், அவவுக்கு முதல் தரம், பாடம் இலங்கையின்ர அரசியலமைப்பு வரலாறு, ரெண்டு கிரெடிட், பதினைஞ்சு கிழமை, கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம். குடுத்த சிலபஸ் ஒரு பந்தி தான். புத்தகம் எது, எந்தக் கிழமை எது, ஒண்டும் இல்லை. முதல் வகுப்புக்கு முதலே பிள்ளைகளுக்கு கிழமை கிழமையா தலைப்பும் வாசிப்பும் போட்ட ஒரு டேபிள் குடுக்கோணும் எண்டு மட்டும் சொல்லியிருக்கினம்.

பந்தி கிட்டத்தட்ட இப்பிடி இருந்தது:

"கோல்புறூக் சீர்திருத்தம் (1833), 1910, 1920, 1924 சீர்திருத்தங்கள், டொனமூர் ஆணைக்குழு, சர்வசன வாக்குரிமை, நிர்வாகக் குழு முறை, சோல்பரி அரசியலமைப்பு, சிறுபான்மையோர் பாதுகாப்பு, 1972 குடியரசு அரசியலமைப்பு, 1978 அரசியலமைப்பு: நிறைவேற்று ஜனாதிபதி முறை, விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அடிப்படை உரிமைகள், மாகாண சபைகள், தெரிவு செய்யப்பட்ட திருத்தங்கள். பாடநெறி முடிவில் மாணவர்கள் டொனமூர், சோல்பரி அரசியலமைப்புகளை ஒப்பிடவும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை மதிப்பிடவும் கூடியவர்களாக இருப்பர்."

"அக்கா, நான் எண்ணிப் பார்த்தனான், சரியா பதினைஞ்சு தலைப்பு இருக்கு, பதினைஞ்சு கிழமை, அப்பிடியே ஒண்டுக்கு ஒண்டு போட்டா முடிஞ்சுது தானே?" எண்டு கேட்டவ. எண்ணிப் பாருங்கோ, உண்மையிலயே பதினைஞ்சு தான் வரும். அது தான் இதில இருக்கிற பெரிய பொறி. நானும் முதல் தரம் படிப்பிக்க வெளிக்கிட்ட நேரம் இதே மாதிரி ஒரு பந்தியை கமாவுக்குக் கமா வெட்டி டேபிள் போட்டனான், பதினோராம் கிழமை வந்தும் சோல்பரியில நிண்டம், கடைசி மூண்டு கிழமையில 1972ல இருந்து இண்டைக்கு வரைக்கும் ஓடினம், பிள்ளைகள் சோதனையில எதுக்கு கஷ்டப்பட்டதுகள் எண்டு சொல்லத் தேவையில்லை. அதால தான் இதை விரிவா எழுதுறன்.

பந்தியை எழுதினவர் கிழமையை நினைச்சு எழுதேல்லை. பாடத்துக்குள்ள என்ன என்ன வரோணும் எண்டு பெயர் சொல்லி விட்டிருக்கிறார், அவ்வளவு தான். ரெண்டு கமாவுக்கு நடுவில இருக்கிறது சிலநேரம் இருபது நிமிஷ விஷயம், சிலநேரம் மூண்டு கிழமை விஷயம். "1910, 1920, 1924" எண்டு மூண்டு வருஷத்துக்கு மூண்டு கமா, ஆனா "நிறைவேற்று ஜனாதிபதி முறை" எண்டதுக்கு ஒண்டு. அப்பிடியே போட்டா 1833ல இருந்து 1924 வரைக்கும் நாலு கிழமை போகுது, ஜனாதிபதி முறைக்கு ரெண்டே ரெண்டு மணித்தியாலம் கிடைக்குது. அதோட இன்னொண்டையும் பாருங்கோ, கடைசி வசனத்தில "ஒப்பிடவும்" "மதிப்பிடவும்" எண்டு ரெண்டு வினை இருக்கு, அந்த ரெண்டுக்கும் இந்த டேபிள்ல கிழமையே இல்லை. சோதனையில பெரிய கேள்வி அந்த ரெண்டு வினையில இருந்து தான் வரும்.

அதனால பந்தியை முதல்ல தொடாமல் கலண்டரை எடுத்தம்.

கலண்டர் வேலை சின்னது, ஆனா இதை முதல் செய்யாட்டி பிறகு எல்லாத்தையும் அழிச்சு எழுதோணும். ஒரு ஷீட்டை திறந்து முதல் சனிக்கிழமையை A2 இல போட்டு, அதுக்குக் கீழ A3 இல இதைப் போட்டு பதினைஞ்சு வரிக்கு இழுத்து விட்டம்:

```
=A2+7
```

பிறகு பக்கத்தில போயா கலண்டரை வைச்சு சனிக்கிழமையில விழுற லீவு எது எண்டு கையால பார்த்தம். போயா மாதத்துக்கு மாதம் கிழமை மாறிக்கொண்டு போறதால போன வருஷ டேபிளை அப்பிடியே கொப்பி பண்ணினா பிழைக்கும். தை முதல் கிழமை தொடங்கின செமஸ்டர் எண்டால் பதினைஞ்சாவது கிழமை பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டோட முட்டுப்படும், 13, 14 ரெண்டும் லீவு, ஊருக்குப் போற பிள்ளைகள் அதுக்கு முந்தின சனியே இரவு பஸ் எடுத்திடுவினம். இன்ஸ்டிடியூட்டும் அந்தச் சனி மூடுறதா சொல்லியிருந்தது. ஆக பதினைஞ்சாவது இல்லை. எட்டாவது கிழமை வகுப்புக்குள்ள ஒரு டெஸ்ட் வைக்கோணும் எண்டு விதி இருக்கு, அதுவும் போச்சு. பதினாலாவது மீட்டல். மிஞ்சினது பன்னிரண்டு. பதினைஞ்சு தலைப்புக்கு பன்னிரண்டு கிழமை எண்டு தெரிஞ்ச உடன தங்கச்சியின்ர முகம் வாடிப் போச்சு, ஆனா இது பத்தாம் கிழமை தெரியவாறதை விட மார்கழியில தெரியவாறது எவ்வளவோ மேல். (போன வகுப்புக்கு மாற்றா மேலதிக வகுப்பு வைக்கோணுமோ எண்டதையும் அந்த நேரமே கேட்டு வைச்சிடுங்கோ, ரெண்டு கிரெடிட்டுக்கு முப்பது மணித்தியாலம் காட்டச் சொல்லுவினம்.)

அடுத்தது வாசிப்புக்கு எவ்வளவு நேரம் இருக்கு எண்ட கணக்கு. கனபேர் இதைச் செய்யிறதே இல்லை, தலைப்புக்குப் பொருத்தமா தெரியிற அத்தியாயத்தை போட்டுட்டுப் போயிடுவினம். எங்கட நாட்டில உயர்கல்வித் தகைமைகளை வரையறுக்கிற எஸ்எல்கியூஎஃப் கணக்குப்படி ஒரு கிரெடிட் எண்டது பிள்ளை மொத்தமா செலவழிக்கிற 50 மணித்தியாலம், வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், சோதனைக்குப் படிக்கிறது எல்லாம் சேர்த்து. ரெண்டு கிரெடிட் எண்டால் 100. வகுப்புக்கு 30 போனா 70. அசைன்மென்டுக்கு ஒரு 12, சோதனைக்குப் படிக்க 20 எண்டு நாங்கள் ஒதுக்கினம். மிச்சம் 38, அதை பதினைஞ்சால பிரிச்சா கிழமைக்கு ரெண்டரை மணித்தியாலம். அது தான் வாசிப்புக்கு இருக்கிற காசு, அதுக்கு மேல செலவழிக்க ஏலாது.

ரெண்டரை மணித்தியாலத்தில எத்தினை பக்கம்? இதை ஊகிக்கக் கூடாது. தங்கச்சி வாசிச்சா மணித்தியாலத்துக்கு முப்பது பக்கம் ஓடும், அவவுக்கு விஷயம் தெரியும். அதனால ஏ எல் முடிச்சு அந்தக் கோர்ஸில சேரப்போற ரெண்டு பிள்ளைகளிட்ட அவ எடுத்த பாடப்புத்தகத்தில பத்துப் பக்கம் குடுத்து, குறிப்பு எடுத்து வாசியுங்கோ எண்டு சொல்லி நேரம் பார்த்தவ. சராசரியா 48 நிமிஷம். மணித்தியாலத்துக்கு பன்னிரண்டு பக்கம் சொச்சம், ஆக கிழமைக்கு முப்பது பக்கம் தான் உச்சம். ஆங்கிலத்தில இருக்கிற ஒரு பழைய அறிக்கையில எட்டுப் பக்கம் குடுத்துப் பார்த்தா அதுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் கிட்டப் போச்சுது. அப்ப ஆங்கிலப் பக்கம் ஒண்டை தமிழ்ப் பக்கம் ஒண்டரையா எண்ணோணும் எண்டு வைச்சம். இந்த ரெண்டு எண்ணும் உங்கட பிள்ளைகளுக்கு வேற மாதிரி வரும், நீங்களே அளந்து பாருங்கோ, ஒரு பின்னேர வேலை தான்.

இப்ப தான் பந்திக்கு வந்தம். இதில தான் யோசனை கூடத் தேவை.

பந்தியில இருக்கிற ஒவ்வொரு துண்டையும் ஒரு கேள்வியா மாத்தி எழுதச் சொன்னன். "1910, 1920, 1924" எண்டதை கேள்வியாக்கப் போனா மூண்டு கேள்வி வராது. 1833ல வந்த சட்டவாக்க சபையில 15 பேர், 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர், 6 பேர் வெளியாட்கள், அந்த ஆறு பேரையும் தேசாதிபதி நியமிச்சவர். 1910 சீர்திருத்தத்தில தான் முதல் தரம் நாலு பேர் தெரிவாகினம், அதில ஒண்டு படிச்ச இலங்கையருக்கான ஆசனம், 1911 தேர்தல்ல பொன்னம்பலம் இராமநாதன் வெண்டார். 1920, 1924 அந்தப் பாதையிலயே தெரிவானவையின்ர பக்கத்தைக் கூட்டிக்கொண்டு போகுது. எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒரே கேள்வி: சபைக்குள்ள ஆர் வந்தது, அவையை ஆர் அனுப்பினது? ஒரே கேள்வி எண்டால் ஒரே கிழமை. 1833 மட்டும் தனியா ஒரு கிழமை, ஏன் எண்டால் முதல் வகுப்பில அரசியலமைப்பு எண்டால் என்ன எண்டதையும் சொல்லோணும். நாலு கிழமை ரெண்டாச்சு.

டொனமூருக்கு மூண்டு கமா. ஆணைக்குழு 1927ல வந்தது, அறிக்கை 1928, புது அரசாங்க சபை 1931. ஆணைக்குழுவையும் சர்வசன வாக்குரிமையையும் பிரிக்க ஏலாது, ஆணைக்குழு சொன்னதில பெரிய விஷயமே வாக்குரிமை தான். ஆனா நிர்வாகக் குழு முறை வேற கேள்வி. ஏழு குழு, ஒவ்வொரு குழுவின்ர தலைவரும் அமைச்சர், கட்சி இல்லாமலே அரசாங்கம் நடத்துற ஒரு முறை, அதை படம் கீறி விளங்கப்படுத்தவே ஒரு மணித்தியாலம் வேணும். ஆக ரெண்டு கிழமை. சோல்பரியையும் சிறுபான்மையோர் பாதுகாப்பையும் தங்கச்சி ரெண்டு கிழமையா வைச்சிருந்தா, நான் ஒண்டாக்கச் சொன்னன், பாதுகாப்பு எண்டு பந்தி சொல்றது முக்கியமா, ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ பாகுபாடு காட்டுற சட்டத்தை பாராளுமன்றம் போடக் கூடாது எண்ட 29ஆம் பிரிவைத் தான், அதை சோல்பரிக்கு வெளியில நிண்டு படிப்பிக்க ஏலாது. அவவுக்கு இதில உடன்பாடு இல்லை, கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டம். "29ஐ ஒரு கிழமையில முடிச்சா பிள்ளைகளுக்கு அது ஒரு பிரிவு எண்டு மட்டும் தான் தெரியும்" எண்டா. அவ சொன்னதில நியாயம் இருக்கு. அதுக்கு வழி என்னெண்டால் 1972 கிழமையை "29ஆம் பிரிவுக்கு என்ன நடந்தது" எண்ட கேள்வியில தொடங்கிறது. 1972 அரசியலமைப்பில அது இல்லாமல் போச்சு, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களம் அரச கரும மொழி எண்டதும் வந்தது. இப்பிடிப் போட்டா 29 ரெண்டு கிழமையிலயும் வருது, தனிக் கிழமை தேவையில்லை.

அடுத்து ஒரு விஷயம், இது சிலபஸ் பந்தியில அடிக்கடி வாறது: கடைசியா வால் மாதிரி தொங்குற துண்டு. "தெரிவு செய்யப்பட்ட திருத்தங்கள்". பந்தியில கடைசியில இருக்குது எண்டதுக்காக கடைசிக் கிழமையில போட்டா, பிள்ளைகள் 17, 18, 19, 20, 21 எண்டு நம்பர் பாடமாக்குவினம், வேற ஒண்டும் நடக்காது. ஆனா 2001ல வந்த 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டு வந்து ஜனாதிபதியின்ர நியமன அதிகாரத்துக்கு கடிவாளம் போட்டது, 2010ல 18 அதைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு தவணை எல்லையையும் நீக்கினது, 2015ல 19 ரெண்டையும் திருப்பிக் கொண்டு வந்தது, 2020ல 20 பேரவையைத் திரும்ப எடுத்தது, 2022ல 21 திரும்பக் குடுத்தது. இது முழுக்க ஜனாதிபதி முறையின்ர கதை. "நிறைவேற்று ஜனாதிபதி முறையை மதிப்பிடவும்" எண்ட அந்த வினைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இதுக்குள்ள தான் கிடக்கு. அதனால வாலை வெட்டி ஜனாதிபதிக்கு அடுத்த கிழமையில ஒட்டினம். 13ஆம் திருத்தம் மட்டும் மாகாண சபையோட போகும், அது 1987ல வந்ததே அதுக்குத் தான்.

எந்தத் தலைப்பு எவ்வளவு கனம் எண்டு சந்தேகம் வந்த இடங்கள்ல பழைய வினாத்தாளைப் பார்த்தம். கிடைச்ச வினாத்தாள் எல்லாத்தையும் பரப்பி, ஒவ்வொரு தலைப்புக்கு நேரயும் கேள்வி வந்த தடவைக்கு ஒரு கோடு போட்டம். 1978க்கு நேர கோடு நிறைஞ்சு போச்சு, 1920க்குத் தனியா ஒரு கேள்வி கூட இல்லை. ஆனா இதை மட்டும் நம்பியும் போடக் கூடாது, சோதனையில வாறதில்லை எண்டு 1833ஐ எடுத்து விட்டா டொனமூர் ஏன் அப்பிடிப் பெரிய மாற்றம் எண்டு பிள்ளைக்கு விளங்காது. வினாத்தாள் எதை நீட்டுறது எண்டு சொல்லும், எதை எடுத்து விடுறது எண்டு சொல்லாது.

வாசிப்புக்கு வருவம். தங்கச்சியின்ர முதல் டேபிள்ல வாசிப்பு நிரலில ஒன்பதாம் கிழமைக்கு "1978 அரசியலமைப்பு" எண்டு மட்டும் இருந்தது. அது நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புரை உள்ள ஆவணம். அப்பிடி எழுதினா அதுக்கு அர்த்தம் ஒருத்தரும் வாசிக்கப் போறதில்லை எண்டது தான், பிள்ளை ஒருக்கா திறந்து பார்த்துட்டு மூடிடும். எந்த அத்தியாயம், எந்த உறுப்புரை எண்டு எழுதோணும். ஜனாதிபதிக்கு ஏழாம் அத்தியாயம், 30ஆம் உறுப்புரையில இருந்து. தேர்தல் முறைக்கு 99. பாராளுமன்ற இணையத்தளத்தில அரசியலமைப்பு தமிழிலயே பிடிஎஃப்பா இருக்கு, அச்சடிக்கத் தேவையான பக்கத்தை மட்டும் அச்சடிக்கலாம்.

அடிப்படை உரிமைகள் கிழமையில ஒரு நல்ல உதாரணம் கிடைச்சது. உரிமைகள் எல்லாம் மூண்டாம் அத்தியாயத்தில, 10ல இருந்து 17 வரைக்கும். அத்தியாயத்தைப் பார்த்து வாசிப்புப் போடுறவர் அதோட நிப்பாட்டிடுவார். ஆனா அந்த உரிமை மீறப்பட்டா உயர் நீதிமன்றத்துக்கு எப்பிடிப் போறது, ஒரு மாதத்துக்குள்ள மனுப் போடோணும் எண்டதெல்லாம் 126ஆம் உறுப்புரையில, நீதித்துறை பற்றின பகுதியில இருக்கு. 126 இல்லாமல் வாசிச்சா உரிமை எண்டது பிள்ளைக்கு வெறும் பட்டியல். அத்தியாயத் தலைப்பை பார்த்து வாசிப்பு போட்டா 126 தப்பிப் போகும், கேள்வியைப் பார்த்துப் போட்டாத் தான் மாட்டும்: "என்ர உரிமையை அரசாங்கம் மீறினா நான் என்ன செய்யலாம்?" எண்டு கேள்வி எழுதியிருந்தபடியால் பதில் 17ஓட முடியேல்லை எண்டு தங்கச்சிக்கே தெரிஞ்சுது. கேள்வி நிரலை டேபிள்ல இருந்து எடுக்காதேங்கோ எண்டு நான் சொல்றது இதுக்குத் தான்.

ரெண்டு பேரும் கடைசியா ஒத்துக்கொண்ட டேபிள் இது. "புத்தகம்" எண்டது அவ எடுத்த பாடப்புத்தகம், அதில பக்க இலக்கத்தையும் உங்கட டேபிள்ல எழுதுங்கோ, இங்க எத்தினை பக்கம் எண்டு மட்டும் விட்டிருக்கிறன்.

| கிழமை | தலைப்பு | கேள்வி | வகுப்புக்கு வர முதல் வாசிக்க |
|---|---|---|---|
| 1 | கோல்புறூக், 1833 சபை | அரசியலமைப்பு எண்டால் என்ன, சபைக்கு ஆரை ஆர் நியமிச்சது? | வாசிப்பு இல்லை, வகுப்பில 4 பக்கம் குடுக்கிறது |
| 2 | 1910 – 1924 | தெரிவு செய்யிற உரிமை ஆருக்கு வந்தது? | புத்தகம் 22 பக்கம் |
| 3 | டொனமூர், வாக்குரிமை | எல்லாருக்கும் வாக்கு எண்டதை ஆர் எதிர்த்தது, ஏன்? | புத்தகம் 16, ஆணைக்குழு அறிக்கையில ஆங்கிலம் 8 |
| 4 | நிர்வாகக் குழு முறை | கட்சி இல்லாமல் ஏழு குழு எப்பிடி ஆண்டது? | புத்தகம் 20 |
| 5 | சோல்பரி | 29ஆம் பிரிவு எதைத் தடுத்தது? | புத்தகம் 24, 29ஆம் பிரிவு |
| 6 | ஒப்பீடு | டொனமூர், சோல்பரி: அதிகாரம் ஆரிட்ட இருந்தது? | புது வாசிப்பு இல்லை, ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாறது |
| 7 | 1972 | 29ஆம் பிரிவுக்கு என்ன நடந்தது? | புத்தகம் 18, 1972 அரசியலமைப்பு பிரிவு 5 – 8 |
| 8 | டெஸ்ட் | | 1 – 6 மட்டும் |
| 9 | 1978, ஜனாதிபதி | ஜனாதிபதியை ஆர் கட்டுப்படுத்தலாம்? | 7ஆம் அத்தியாயம், புத்தகம் 14 |
| 10 | 17 – 21 திருத்தங்கள் | கடிவாளம் எப்ப வந்தது, எப்ப போனது? | புத்தகம், கட்டுரை, மொத்தம் 26 |
| 11 | விகிதாசாரம் | வாக்கு எப்பிடி ஆசனமாகுது? | உறுப்புரை 99, புத்தகம் 10. அசைன்மென்ட் நாள் |
| 12 | அடிப்படை உரிமைகள் | மீறினா நான் என்ன செய்யலாம்? | 10 – 17, 126, புத்தகம் 14 |
| 13 | மாகாண சபைகள் | கொழும்பிட்ட எது மிஞ்சினது? | ஆளுநர் பற்றின உறுப்புரைகள், ஒன்பதாம் அட்டவணையின் மூண்டு நிரல், புத்தகம் 12 |
| 14 | மீட்டல் | மதிப்பிடுதல்: பழைய வினா ரெண்டு | சொந்தக் குறிப்பு |
| 15 | வகுப்பில்லை | | |

சில இடத்தை ஏன் அப்பிடி வைச்சம் எண்டு சொல்றன். முதல் கிழமைக்கு வாசிப்பு இல்லாததுக்குக் காரணம், அந்த நேரம் பாதிப் பேரிட்ட புத்தகம் இருக்காது, அரைவாசிப் பேர் ரெண்டாம் கிழமை தான் சேருவினம். ஆறாம் கிழமைக்கு புது வாசிப்பு போடாதது "ஒப்பிடவும்" எண்ட வினைக்காக, ஒப்பிடுற நேரம் புதுசா ஒண்டைத் திணிச்சா பிள்ளை அதை வாசிக்குமே ஒழிய ஒப்பிடாது. டெஸ்டில ஏழாம் கிழமைப் பாடத்தைச் சேர்க்காதது, நேற்று படிப்பிச்சதை இண்டைக்கு சோதிக்கிறது நியாயமில்லை எண்டு. பதினோராம் கிழமை வாசிப்பு குறைவு, அண்டைக்குத் தான் அசைன்மென்ட் குடுக்கோணும், ஒரு கிழமையில ரெண்டு பாரம் ஏத்தக் கூடாது.

கடைசி நிரலின்ர தலைப்பை ஒருக்கா பாருங்கோ, வெறும் "வாசிப்பு" எண்டு போடேல்லை. அப்பிடிப் போட்டா மூண்டாம் கிழமைக்கு நேர இருக்கிறதை மூண்டாம் வகுப்புக்கு முதல் வாசிக்கிறதோ, வகுப்பு முடிஞ்சு அந்தக் கிழமை வாசிக்கிறதோ எண்டு அரைவாசிப் பேர் ஒரு மாதிரியும் மிச்சப் பேர் இன்னொரு மாதிரியும் எடுப்பினம். என்ர வகுப்பிலயே ஒரு தவணை முழுக்க இப்பிடி நடந்தது, ஏன் சில பேர் மட்டும் ஒண்டும் வாசிக்காமல் வருகினம் எண்டு நான் கோவிச்சுக்கொண்டு இருந்தன், கடைசியில பார்த்தா அவையள் ஒழுங்கா வாசிச்சிருக்கினம், ஒரு கிழமை பிந்தி.

டேபிளை அனுப்ப முதல் பிழை பிடிக்க நான் பார்க்கிறது மூண்டு தான். பந்தியின்ர கடைசி வசனத்தில இருக்கிற ஒவ்வொரு வினைக்கும் ஒரு கிழமை இருக்கோ, பிள்ளை அந்த வேலையை உண்மையா செய்யிற கிழமை. ஒரு கிழமை கூட முப்பது பக்கத்தைத் தாண்டேல்லையோ, ஆங்கிலத்தை ஒண்டரையா எண்ணி. பந்தியில இருக்கிற ஒவ்வொரு சொல்லும் டேபிள்ல எங்கயோ இருக்கோ, இதுக்கு பந்தியை அச்சடிச்சு, டேபிள்ல கண்ட சொல்லை பேனையால வெட்டிக்கொண்டு வாறது நல்லது. எங்களுக்கு "சிறுபான்மையோர் பாதுகாப்பு" வெட்டாமல் நிண்டுது, அது ஐஞ்சிலயும் ஏழிலயும் 29 எண்ட பெயரில இருக்கு, ஆனா பந்தியின்ர சொல் இல்லை. பிள்ளை சோதனைத்தாள்ல அந்தச் சொல்லைத் தான் காணும். அதனால பிறகு அவ ஐஞ்சாம் கிழமைத் தலைப்பை "சோல்பரியும் சிறுபான்மையோர் பாதுகாப்பும்" எண்டு மாத்தினவ.

எது நீளும் எண்டு முன்கூட்டியே தெரியாது. அதனால எந்தக் கிழமையைச் சுருக்கலாம் எண்டு டேபிள் போடேக்கயே முடிவு எடுத்து வைக்கோணும், பிந்தின பிறகு யோசிச்சா அவசரத்தில கையில அகப்பட்டதை வெட்டிடுவம், அது எப்பவும் கடைசிக் கிழமையாத் தான் இருக்கும். நாங்கள் ரெண்டையும் நாலையும் குறிச்சு வைச்சம். 6, 10, 12 மூண்டையும் தொடக் கூடாது எண்டும் எழுதி வைச்சம்.

தை மாதம் வகுப்பு தொடங்கினது. மூண்டாம் கிழமை முடிஞ்ச அண்டு பின்னேரம் கோல் எடுத்தவ, வாக்குரிமையைப் பற்றி பிள்ளைகள் கேள்விக்கு மேல கேள்வி கேட்டு அரை மணித்தியாலம் இழுத்திட்டுது எண்டு, குரல்ல பயம். "நாலாம் கிழமையைச் சுருக்கலாம் எண்டு தானே வைச்சிருக்கிறம்" எண்டன். அண்டு இரவே நாலாம் கிழமைக்குரிய இருபது பக்கத்தை பன்னிரண்டாக்கி, குழு முறையின்ர படத்தை தானே கீறி ஒரு பக்கமா சேர்த்து, டேபிளின்ர மேல் மூலையில மாத்தின திகதியையும் போட்டு பிள்ளைகளின்ர வாட்ஸ்அப் குறூப்புக்கு அனுப்பினவ. ஐஞ்சாம் கிழமை சோல்பரி, சொன்ன திகதிக்கே தொடங்கினது.